பார்ப்பதற்கு மானிட்டர், தொடுவதற்கு டேப்லெட்: மைன்கிராஃப்ட் ஆடும்போது இரண்டாவது திரை

வீட்டில் சும்மா கிடந்த பழைய 19 அங்குல மானிட்டரை இரண்டாவது திரையாக மாட்டிய அன்றே மைன்கிராஃப்டில் நான் செத்துப்போனேன். பக்கத்துத் திரையில் மேப்பைக் கொஞ்சம் நகர்த்திப் பார்த்துவிட்டு, திரும்பி W விசையை அழுத்தினால் ஆள் நகரவில்லை. இன்னும் அழுத்தினேன். பின்னாலிருந்து கிரீப்பர் வெடித்த பிறகுதான் தெரிந்தது, நான் அழுத்திய அத்தனை W-வும் பிரவுசரின் தேடல் பெட்டியில் வரிசையாக உட்கார்ந்திருந்தது.

இரண்டாவது திரை வைக்கும் எல்லாரும் முதல் வாரத்தில் இதில் மாட்டுவார்கள். திரைகள் எத்தனை இருந்தாலும் விசைப்பலகை ஒன்றுதான். கடைசியாக எந்த ஜன்னலைச் சொடுக்கினீர்களோ, அதற்குத்தான் அது வேலை செய்யும். எந்தத் திரையில் எதை வைப்பது என்பதை இதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். என் வழக்கம் இது: கண்ணால் பார்த்தால் மட்டும் போதும் என்பவை, அதாவது சாட், திறந்து வைத்த கைடு, இரண்டாவது மானிட்டருக்கு. விரலால் இழுத்துப் பெரிதாக்கிச் சின்னதாக்கிப் பார்க்கவேண்டிய மேப் டேப்லெட்டுக்கு. டேப்லெட் தனிக் கருவி. அதைத் தொட்டால் கேமின் பிடி போகாது.

கீழே சொல்வதெல்லாம் விண்டோஸ் 11, மைன்கிராஃப்ட் ஜாவா பதிப்பு, டிஸ்கார்ட், ஒரு சாதாரண ஆண்ட்ராய்டு டேப்லெட் அல்லது ஐபேட் ஆகியவற்றை வைத்து. வேறு கேம் ஆடுபவர்களுக்கும் திரை அமைப்புப் பகுதி அப்படியே பொருந்தும்.

மானிட்டரை மாட்டுவது

மேசைக் கணினியில் தனி கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால், இரண்டு மானிட்டர் கேபிளும் அந்தக் கார்டில்தான் போகவேண்டும். பின்பக்கம் மேலே, யுஎஸ்பி துளைகளுக்குப் பக்கத்தில் ஒரு எச்டிஎம்ஐ துளை இருக்கும், அது மதர்போர்டுடையது. கீழே கிடைவாட்டில் தனியாக இருப்பவைதான் கார்டின் துளைகள். மதர்போர்டில் செருகினால் பல கணினிகளில் அந்தத் திரை இருட்டாகவே இருக்கும். சிலவற்றில் படம் வந்துவிடும். அப்படி வந்துவிட்டால்தான் தலைவலி, ஏனென்றால் அந்தத் திரையை வேறொரு சிப் ஓட்டுகிறது. கேம் அந்தத் திரைக்கு வந்தால் ஏன் இழுக்கிறது என்று புரியாமல் நாள் கணக்கில் தேடுவீர்கள்.

பழைய மானிட்டரில் விஜிஏ மட்டும்தான் இருக்கிறதா? எச்டிஎம்ஐயை விஜிஏவாக மாற்றும் கன்வெர்ட்டர் வேண்டும். உள்ளே சின்னச் சிப் வைத்து வரும் கன்வெர்ட்டர் அது. இரண்டு பக்கமும் பின் மட்டும் மாறியிருக்கும் வெறும் கேபிளை வாங்கிவிடாதீர்கள், படம் வராது.

மாட்டியதும் விண்டோஸ் விசையோடு P-ஐ அழுத்தி, வரும் பட்டியலில் `Extend` என்பதைத் தேர்ந்தெடுங்கள். `Duplicate` என்றிருந்தால் இரண்டு திரையிலும் ஒரே படம்தான் தெரியும். அடுத்து `Settings > System > Display`. அங்கே 1, 2 என்று இரண்டு கட்டங்கள் தெரியும். `Identify` அழுத்தினால் எந்த எண் எந்த மானிட்டர் என்று அந்தந்தத் திரையிலேயே பெரிதாகக் காட்டும். மேசையில் மானிட்டர்கள் எப்படி இருக்கின்றனவோ அப்படியே கட்டங்களையும் இழுத்து வையுங்கள். இரண்டாவது மானிட்டர் இடப்பக்கம் இருக்க, படத்தில் வலப்பக்கம் இருந்தால், சுட்டியை இடப்பக்கம் தள்ளும்போது சுவரில் முட்டியதுபோல் நின்றுவிடும்.

கேம் ஆடும் மானிட்டரின் கட்டத்தைச் சொடுக்கி `Make this my main display` என்பதை டிக் செய்யுங்கள். பெரும்பாலான கேம்கள் முதன்மைத் திரையில்தான் திறக்கும். பிறகு `Advanced display` உள்ளே போய் ஒவ்வொரு மானிட்டருக்கும் புதுப்பிப்பு வேகத்தைத் தனித்தனியாகப் பாருங்கள். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கி, மாதக் கணக்கில் 60-லேயே ஓட்டிக்கொண்டிருந்தவர்களை எனக்குத் தெரியும். இரண்டாவது திரைக்கு 60 போதும்.

இரண்டாவது மானிட்டரை நிமிர்த்தி வைக்க முடிந்தால் `Display orientation` என்பதில் `Portrait` கொடுங்கள். சாட்டும் கைடும் மேலிருந்து கீழாக ஓடுபவை. படுக்கைவாட்டுத் திரையில் பாதி இடம் காலியாகத்தான் கிடக்கும்.

கேமும் சாட்டும் சண்டை போடாமல் இருக்க

மைன்கிராஃப்டை F11 அழுத்தி முழுத்திரையாக ஆடிப் பழகியிருப்பீர்கள். அப்படி ஆடும்போது பக்கத்துத் திரையில் சொடுக்கினால், பல கணினிகளில் கேம் சுருங்கிக் கீழே போய்விடும். மேப் பார்க்கப் போன இடத்தில் கேமே காணாமல் போகும். முழுத்திரையை விட்டுவிட்டு, ஜன்னலைப் பெரிதாக்கி மட்டும் ஆடுங்கள். கீழே டாஸ்க்பார் தெரிவது உறுத்தினால் டாஸ்க்பார் அமைப்புகளில் `Automatically hide the taskbar` இருக்கிறது. வேறு கேம்களில் `Borderless` அல்லது `Borderless Windowed` என்ற தேர்வு இருந்தால் அதைப் போடுங்கள். இரண்டு திரை வைத்திருப்பவர்களுக்கு அதுதான் வசதி.

ஆடிக்கொண்டிருக்கும்போது மைன்கிராஃப்ட் சுட்டியைப் பிடித்து வைத்திருக்கும், வெளியே விடாது. Esc அழுத்தினாலோ, E அழுத்திப் பையைத் திறந்தாலோ, T அழுத்தி சாட்டைத் திறந்தாலோ விடும். Alt+Tab-ம் உண்டு. ஆனால் வேறு ஜன்னலுக்குப் போன மறுநொடி கேம் தானாக நின்று மெனுவைக் காட்டும். இதை நிறுத்த F3-ஐப் பிடித்துக்கொண்டு P-ஐத் தட்டுங்கள். சாட்டில் இப்படி ஒரு வரி வரும்:

```
[Debug]: Pause on lost focus: disabled
```

மடிக்கணினியில் F3 ஒலியைக் கூட்டிக் குறைக்கும் விசையாக இருந்தால் Fn-ஐயும் சேர்த்துப் பிடிக்கவேண்டும். இதை எல்லாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். தனியாக ஆடுபவருக்குக் கேம் தானாக நிற்பது ஒரு பாதுகாப்பு. நீங்கள் கைடு படிக்கும் நேரத்தில் ஜாம்பி வந்து தின்னாது. அடுப்பில் இரும்பு உருகிக்கொண்டிருக்கிறது, அது நிற்காமல் ஓடவேண்டும், ஆள் நாலு சுவருக்குள் பத்திரமாக இருக்கிறார் என்றால் மட்டும் அணைத்துக்கொள்ளுங்கள். நண்பர்களோடு சர்வரில் ஆடும்போது உலகம் எப்படியும் நிற்காது. மெனு மட்டும்தான் வந்து மறைக்கும். அங்கே அணைத்து வைப்பதால் நஷ்டமில்லை.

டிஸ்கார்டை இரண்டாவது திரைக்குக் கொண்டுபோக, அதைச் சொடுக்கிவிட்டு Win+Shift+இட அம்பு அல்லது வல அம்பு அழுத்தினால் போதும். பேசுவதற்கு `Push to Talk` வைத்து, விசையைச் சுட்டியின் பக்கவாட்டுப் பொத்தானில் போடுங்கள். கேமில் இருந்தபடியே அது வேலை செய்யும், டிஸ்கார்டைச் சொடுக்கவே தேவையில்லை. அழுத்தியும் உங்கள் குரல் மற்றவர்களுக்குப் போகவில்லை, டிஸ்கார்ட் முன்னால் இருக்கும்போது மட்டும் போகிறது என்றால், கேமை `Run as administrator` கொடுத்துத் திறந்திருக்கிறீர்களா என்று பாருங்கள். அப்படித் திறந்த கேம் முன்னால் இருக்கும்போது, சாதாரணமாகத் திறந்த டிஸ்கார்டுக்கு விசை அழுத்தியது தெரியாது.

எழுத்தில் பதில் போட்டே ஆகவேண்டும் என்றால், போட்டு முடித்ததும் கேம் திரையில் ஒருமுறை சொடுக்கிவிட்டுத்தான் W-ஐத் தொடவேண்டும் என்று கைக்குப் பழக்குங்கள். எங்கள் குழு சாட்டில் இன்றைக்கும் வாரம் ஒருமுறையாவது யாரோ "wwwwwww" என்று அனுப்புகிறார்கள். யாரும் என்ன என்று கேட்பதில்லை. ஆள் போய்விட்டார் என்று புரிந்துகொள்வோம்.

டேப்லெட்டில் மேப்

டேப்லெட்டை இரண்டு விதமாகப் பயன்படுத்தலாம். ஸ்பேஸ்டெஸ்க் போன்ற செயலியைப் போட்டுக் கணினியின் இன்னொரு மானிட்டராகவே மாற்றலாம். அல்லது அதன் சொந்த பிரவுசரில் மேப்பைத் திறந்து பக்கத்தில் சாய்த்து வைக்கலாம். புதியவர்கள் முதல் வழிக்கு ஆசைப்படுவார்கள், நானும் பட்டேன். மேப்புக்கு அது வேண்டாம். டேப்லெட் கணினியின் மானிட்டராக மாறிய பிறகு அதில் விரல் வைத்தால், விண்டோஸ் அதைச் சுட்டிச் சொடுக்காக எடுத்துக்கொள்ளும். கேமின் பிடி போய்விடும், முதலில் சொன்ன கிரீப்பர் கதைதான் மறுபடியும். போதாக்குறைக்கு, திரைப் படத்தைச் சுருக்கி வைஃபையில் அனுப்பும் வேலையையும் கேம் ஓட்டும் அதே கணினிதான் செய்யவேண்டும். வேறு மானிட்டரே இல்லை, சாட்டை வேடிக்கை பார்க்க ஒரு திரை வேண்டும் என்பவர்களுக்கு மட்டும் அது உதவும்.

இரண்டாவது வழியில் தேவைப்படுவது உங்கள் உலகத்தின் சீட் எண் மட்டும். கேம் அந்த உலகத்தை உருவாக்கியதே அந்த எண்ணிலிருந்துதான். கேமில் T அழுத்தி இதை அடியுங்கள்:

```
/seed
```

தனியாக ஆடும் உலகத்தில் ஏமாற்று வசதிகள் அணைந்திருந்தாலும் இது வேலை செய்யும். சாட்டில் பச்சை நிறத்தில் வரும் எண்ணைச் சொடுக்கினால் நகலாகிவிடும். மைனஸ் குறி இருந்தால் அதுவும் எண்ணின் பகுதிதான்; டேப்லெட்டில் கையால் அடிப்பவர்கள் பெரும்பாலும் விடுவது அதைத்தான். அடிப்பதைவிட எளிய வழி ஒன்று உண்டு. கணினியிலேயே chunkbase.com தளத்தின் `Seed Map` பக்கத்தைத் திறந்து எண்ணை ஒட்டுங்கள். முகவரிப் பட்டையில் இருக்கும் இணைப்புக்குள்ளேயே உங்கள் சீட் எண் சேர்ந்துவிடும். அந்த இணைப்பை உங்களுக்கு நீங்களே டிஸ்கார்டிலோ வாட்ஸ்அப்பிலோ அனுப்பி, டேப்லெட்டில் திறந்து, புக்மார்க் போட்டுவிடுங்கள். பிறகு கணினியில் அந்தப் பக்கத்தை மூடிவிடலாம். மேப்பை இழுக்க இழுக்க உலகத்தைக் கணக்கிட்டு வரைவது உங்கள் பிரவுசர்தான். அந்தப் பாரம் டேப்லெட்டோடு போகட்டும்.

எண்ணை ஒட்டுவதோடு நின்றுவிடாதீர்கள். பக்கத்திலேயே பதிப்பைத் தேர்ந்தெடுக்கும் பெட்டி இருக்கிறது. ஜாவாவா பெட்ராக்கா, எந்த எண் என்பது சரியாக இருக்கவேண்டும். 2021 நவம்பரில் வந்த 1.18 பதிப்புக்குப் பிறகு, ஒரே சீட் எண்ணுக்கு ஜாவாவிலும் பெட்ராக்கிலும் மலையும் கடலும் பெரும்பாலும் ஒரே மாதிரி வரும். ஆனால் கிராமம், கோயில் போன்ற கட்டடங்கள் வேறு வேறு இடத்தில் இருக்கும். எனவே நிலம் பொருந்துகிறது, கிராமம் மட்டும் காணோம் என்றால் சந்தேகப்படவேண்டியது இந்தப் பெட்டியைத்தான். நிலமே பொருந்தவில்லை என்றால் சீட் எண் தவறு, அல்லது அது 1.18-க்கு முன் தொடங்கிய உலகம். பழைய உலகத்தைப் புதிய பதிப்பில் திறந்தால், ஏற்கெனவே நடந்து பார்த்த பகுதிகள் பழைய நிலமாகவே இருக்கும், தாண்டிய பிறகுதான் புது நிலம் வரும். மேப்போ எல்லாவற்றையும் ஒரே கணக்கில் வரையும்.

ஒரு பயணம்

ஒரு உதாரணத்தோடு பார்ப்போம். கேமில் F3 அழுத்தினால் இடப்பக்கம் எழுத்துக் குவியல் வரும். அதில் இரண்டு வரி போதும்:

```
XYZ: 212.500 / 67.00000 / 118.300
Facing: east (Towards positive X)
```

மூன்று எண்ணில் நடுவில் இருப்பது உயரம். மேப்புக்கு அது வேண்டாம். முதலாவதும் மூன்றாவதும்தான் வேண்டும், அதாவது X 212, Z 118. முதல் இரண்டு எண்ணை எடுத்து அடித்துவிட்டு, நான் நிற்காத இடத்தைக் காட்டுகிறதே என்று மேப்பைத் திட்டுவது புதியவர்களின் வாடிக்கை. டேப்லெட்டில் X, Z பெட்டிகளில் 212, 118 போட்டு அந்த இடத்துக்குப் போங்கள். நீங்கள் நிற்கும் இடத்தில் ஆறு ஓடினால் மேப்பிலும் ஆறு தெரியவேண்டும். இந்த ஒரு சோதனையை முதலில் செய்துவிட்டால் மேலே சொன்ன சீட் எண் தவறும் பழைய உலகக் குழப்பமும் அங்கேயே பிடிபட்டுவிடும்.

சுற்றிலும் இழுத்துப் பார்க்கிறீர்கள். ஒரு கிராமம் X 1240, Z -680 என்று காட்டுகிறது. X கூடினால் கிழக்கு, Z குறைந்தால் வடக்கு. 212-லிருந்து 1240 வரை கிழக்கே 1028 கட்டை. 118-லிருந்து -680 வரை வடக்கே 798 கட்டை. குறுக்கே நேராகப் போனால் ஏறக்குறைய 1300 கட்டை. ஓடினால் நொடிக்கு 5.6 கட்டை, மலையும் ஆறும் குறுக்கிடாவிட்டால் நான்கு நிமிடத்துக்குள் போய்விடலாம். பாதி வழியில் இருட்டிவிடாமல், காலையிலேயே கிளம்புவதா என்று முடிவு செய்ய இந்தக் கணக்கு உதவும். வடகிழக்காக முகத்தை வைத்து ஓடத் தொடங்கி, அவ்வப்போது F3-ஐப் பாருங்கள். X கூடிக்கொண்டும் Z குறைந்துகொண்டும் வரவேண்டும். இரண்டில் ஒன்று எதிர்த்திசையில் போனால் அங்கேயே திருத்திக்கொள்ளுங்கள்.

நெதர் வழியாகப் போகத் தெரிந்தவர்கள் இரண்டு எண்ணையும் எட்டால் வகுக்கவேண்டும்: X 155, Z -85. நெதரில் இங்கிருந்து அங்கே 163 கட்டைதான். ஆனால் டேப்லெட்டில் `Dimension` பெட்டியை `Nether` ஆக்காமல் இந்த எண்களைத் தேடினால், மேலுலகத்தில் ஏதோ ஒரு புல்வெளியைக் காட்டும்.

கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் F3-ஐப் பிடித்துக்கொண்டு C-ஐ ஒருமுறை தட்டுங்கள். நீங்கள் நிற்கும் இடம் இப்படி நகலாகிவிடும்:

```
/execute in minecraft:overworld run tp @s 1240.50 71.00 -680.30 -135.00 12.00
```

இரண்டாவது திரையில் இருக்கும் டிஸ்கார்டில் அப்படியே ஒட்டினால் நண்பர்களுக்கு முகவரி கொடுத்ததுபோல. தட்டுவதோடு கையை எடுத்துவிடுங்கள். F3+C-ஐப் பத்து நொடி அழுத்திப் பிடித்தால் கேம் வேண்டுமென்றே நொறுங்கி மூடிக்கொள்ளும். சோதனைக்காக அவர்களே வைத்த ஏற்பாடு அது, உங்கள் கணினிக்கு ஒன்றும் ஆகவில்லை.

இந்த மேப்பில் ஒரு குறை, நீங்கள் நடப்பது அதில் தெரியாது. நகரும் புள்ளியாக உங்களைப் பார்க்கவேண்டுமானால் சர்வர் உங்களுடையதாக இருக்கவேண்டும். பேப்பர் என்ற சர்வர் மென்பொருளில் டைன்மேப் என்ற பிளக்கினைப் போட்டால், அது உலகத்தை வரைந்து இணையப் பக்கமாகக் கொடுக்கும். சர்வர் ஓடும் கணினியில் `Command Prompt` திறந்து, `ipconfig` அடித்து `IPv4 Address` என்ற வரியைப் பாருங்கள். 192.168.1.7 என்றிருந்தால், டேப்லெட்டில் அடிக்கவேண்டியது:

```
http://192.168.1.7:8123
```

கணினியிலேயே அந்தப் பக்கம் திறக்கிறது, டேப்லெட்டில் மட்டும் வரவில்லை என்றால் விண்டோஸ் ஃபயர்வால் ஜாவாவைத் தடுத்திருக்கும், அல்லது டேப்லெட் விருந்தினர் வைஃபையில் இருக்கும். விருந்தினர் வைஃபையில் இருக்கும் கருவிகள் வீட்டுக் கணினியைப் பார்க்க முடியாதபடி ரவுட்டரே பிரித்து வைக்கும்.

அடுத்தவர் சர்வரில் ஆடுகிறீர்கள் என்றால் நிர்வாகியைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். அங்கே `/seed` உங்களுக்கு வேலை செய்யாது. எண்ணைச் சுற்றி வளைத்துக் கண்டுபிடிப்பதை ஏமாற்று என்றே பல சர்வர்கள் கருதும்.

கேம் இழுத்தால்

இரண்டாவது திரை வந்த பிறகு கேம் விட்டுவிட்டு ஓடுகிறது என்றால் மானிட்டரைக் குறை சொல்லாதீர்கள். ஒரு சாட்டையும் எழுத்துப் பக்கத்தையும் காட்டுவது கிராஃபிக்ஸ் கார்டுக்குப் பெரிய வேலையில்லை. அதில் ஓடும் வீடியோதான் பெரும்பாலும் காரணம். Ctrl+Shift+Esc அழுத்தி `Task Manager` திறந்து, `Performance` உள்ளே `GPU`-வைப் பாருங்கள். `Video Decode` கோடு மேலே ஏறி நிற்கிறதா? யூடியூப் கைடை நிறுத்துங்கள். கேம் சீரானால் காரணம் அதுதான். அந்த வீடியோவையும் டேப்லெட்டுக்குத் தள்ளிவிடுங்கள், அல்லது தரத்தை 480p-க்கு இறக்குங்கள். நிறுத்தியும் இழுக்கிறது என்றால் டிஸ்கார்டை மூடிப் பாருங்கள், அப்புறம் பிரவுசரை. ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் மூடினால் எது குற்றவாளி என்று தெரியாது.

டேப்லெட் பாதி வழியில் அணைந்து இருட்டாகிவிடுவது இன்னொரு தொல்லை. ஐபேடில் `Display & Brightness` உள்ளே `Auto-Lock` என்பதை `Never` ஆக்கலாம். ஆண்ட்ராய்டில் திரை அணையும் நேரத்தைக் கூட்டலாம். ஆடி முடித்ததும் பழையபடி மாற்றிவிடுங்கள். சார்ஜரிலேயே செருகி வைத்து நாள்தோறும் மணிக்கணக்கில் ஆடுபவர்கள் டேப்லெட்டின் முதுகை அவ்வப்போது தொட்டுப் பாருங்கள். எப்போதும் நூறு சதவீதத்திலும் சூட்டிலும் இருக்கும் பேட்டரி சீக்கிரம் கெடும். 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதி உங்கள் டேப்லெட்டில் இருந்தால் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் வெளிச்சத்தைப் பாதியாக்கி, சார்ஜர் இல்லாமலே வையுங்கள். மேப் பார்க்க அந்த வெளிச்சம் தாராளம். இரவில் பக்கவாட்டிலிருந்து கண்ணைக் குத்தவும் செய்யாது.

கடைசியாக இடம். டேப்லெட்டைச் சுட்டி பிடிக்காத கையின் பக்கம், விசைப்பலகைக்கு மேலே சாய்த்து வையுங்கள். சுட்டிக் கை கேமிலேயே இருக்க, W-ஐ விட்ட விரல் நேராக மேப்புக்குப் போய் வரும். நான் முதலில் வலப்பக்கம் வைத்திருந்தேன். ஒவ்வொரு முறையும் சுட்டியை விட்டுவிட்டுக் கையை நீட்ட, ஆள் எரிமலைக் குழம்பின் ஓரத்தில் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.